"ஊர்ப் பெயர் மட்டும்தானே" என்று சொல்லிவிடாதீர்கள்

"பழைய செட்டிநாட்டு வீடுகளின் படங்களைப் பார்த்து எந்த ஊர் என்று கண்டுபிடிக்கும் வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், வீட்டு முகப்பில் ஒரு பெண் நிற்கும் படத்தைப் போட்டு, 'இது என் தங்கச்சி, பல நாளா பேசல, அம்மா அழுதுகிட்டே இருக்காங்க, எந்த ஊர்னு சொன்னாப் போதும்' என்கிறார். தரையையும் தூணையும் பார்த்ததுமே எனக்கு ஊர் ஓரளவு பிடிபட்டுவிட்டது. சொல்லலாமா? சொல்லாமல் இருந்தால் பாவமா?"

சொல்லாதீர்கள். குழுவில் மட்டுமல்ல, தனிச் செய்தியிலும் வேண்டாம். "தேவகோட்டைப் பக்கம் மாதிரி இருக்கே" என்று அரைகுறையாகக்கூட வேண்டாம். அம்மாவின் அழுகை உண்மையாகவே இருக்கலாம். அதற்கு உதவ வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஏன் கூடாது என்பது.

நல்ல எண்ணத்தோடு தேடும் அண்ணனும், தங்கையை இழுத்துவந்து அடிக்கப்போகும் அண்ணனும் எழுதுவது ஒரே வாக்கியம்தான். விட்டுப்போன மனைவியைத் தேடும் கணவனும், மறுத்துவிட்ட பெண்ணைத் தேடும் ஒருவனும் "தங்கச்சி" என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் எல்லோரும் இரங்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆதார் அட்டையை அனுப்பச் சொல்லி அப்பா பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாலும் உறவுதான் உறுதியாகும், ஆபத்தில்லை என்பது உறுதியாகாது. நம் ஊரில் வீட்டைவிட்டுப் போன பெண்ணுக்கு ஆபத்து பல நேரம் சொந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. சாதி மாறித் திருமணம் செய்தவர்களின் புகார்களைக் கவனிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் நாடு முழுமைக்கும் அதுபோன்ற ஏற்பாடுகளைச் செய்யச் சொன்னது. உறவினர் தேடுகிறார் என்பது மட்டுமே நல்ல செய்தி ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்தப் படம் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதையும் யோசியுங்கள். தங்கையே அனுப்பியிருந்தால் அவளையே "எங்கே இருக்கே?" என்று கேட்டிருக்கலாம். கேட்டும் சொல்லவில்லை என்றால் சொல்ல விரும்பவில்லை என்று பொருள். வேறு யாருடைய ஸ்டேட்டஸிலிருந்தோ, தோழியின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்தோ எடுத்திருந்தால், இவர் பார்ப்பதற்காக அவள் அதைப் போடவில்லை. இரண்டு வழியிலும் படத்தில் இருப்பவளின் சம்மதம் இல்லை. வயது வந்த பெண் குடும்பத்தோடு பேசாமல் இருப்பது அவளுடைய முடிவு. அவளைக் காணாமல் போனவள் என்று நாம் எண்ணிக்கொள்ள முடியாது.

இப்போது "ஊர் மட்டும்தானே, வீட்டு எண்ணையா சொல்கிறோம்" என்ற எண்ணத்துக்கு வருகிறேன். பெரும்பாலான குழுக்கள் வழுக்கி விழும் இடம் இது. சென்னையில் எடுத்த படத்துக்கு "அண்ணா நகர்" என்று சொன்னால் தேடுபவருக்கு ஆயிரக்கணக்கான வீடுகள் மிச்சமிருக்கும். செட்டிநாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 70க்கு மேற்பட்ட ஊர்களாகப் பரவியிருக்கும் இந்தப் பகுதியில், பெரிய வீட்டுத் தெருக்கள் ஒரு ஊருக்குச் சில மட்டுமே. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், ஆகவே தெருவுக்கு வீடுகளும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை வருடத்தில் பல மாதம் பூட்டிக் கிடப்பவை. முன்னோர்களுக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் திறப்பார்கள், பிறகு சாவி காவல்காரரிடம் போய்விடும். ஆள் இருக்கும் வீடு எது, அங்கே புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் போனில் படத்தைக் காட்டி "இந்தப் பொண்ணு எந்த வீடு?" என்று கேட்டால் முடிந்தது. இங்கே ஊர்ப் பெயரைச் சொல்வது வீட்டைக் காட்டுவதற்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவு எண்களில் பார்த்தாலும் இதே கதைதான். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், அது வாசற்படி. இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் சுமார் 1.1 கிலோமீட்டர். சென்னையில் அது எதையும் காட்டிக்கொடுக்காது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் அளவிலான ஊரில் பெரிய வீட்டுத் தெருக்களில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறோம் என்பதைவிட, சொன்ன பிறகு எத்தனை வீடுகள் மிஞ்சுகின்றன என்பதே பார்க்க வேண்டியது. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சும் என்றால் அது முகவரியைச் சொன்னதற்குச் சமம்.

அந்த டீக்கடைக் கேள்வியே தனித் தீங்கு. படத்தோடு ஒரு ஆள் வந்து பெண்ணைத் தேடினான் என்ற பேச்சு அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவும். அவள் அங்கே விருந்தாளியாக வந்திருக்கலாம், யாருக்கோ துணையாகத் தங்கியிருக்கலாம், கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம். தேடி வந்தவன் கெட்டவனாக இல்லாவிட்டாலும் அவளால் அங்கே தொடர்ந்து நிம்மதியாக இருக்க முடியாமல் போகும். அவளுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் தொல்லை.

அடுத்து, உங்களுக்குப் "பிடிபட்டுவிட்ட" அந்த ஊர் தவறாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தரையும் தூணும் பார்த்ததும் தெரிந்தது என்கிறீர்கள். படத்தில் இருப்பவற்றிலேயே இடத்தைச் சொல்லும் வலிமை மிகக் குறைந்தவை அந்த இரண்டும்தான்.

தரையை எடுத்துக்கொள்வோம். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்யப்படுவது. இன்றும் செய்கிறார்கள், லாரியில் ஏற்றி எங்கெங்கோ அனுப்புகிறார்கள். சென்னை அடுக்ககத்தின் பூஜையறையிலும், பெங்களூரு உணவகத்திலும், கொச்சி விடுதியிலும் அதே பூ வடிவம் இருக்கும். கல் ஆத்தங்குடியில் செய்தது என்பதால் படம் அங்கே எடுத்தது ஆகாது.

தூணும் கதவும் இன்னும் மோசம். இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்கள், நிலைக் கதவுகள், கஜலட்சுமி செதுக்கிய மேல்நிலைகள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து விடுதிகளுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போகின்றன. சில நேரம் வீடே இடம் மாறுகிறது. முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அதன் திண்ணையில் நின்று எடுத்த படத்தை இந்தப் பக்கத்துக்காரரே தங்கள் ஊர் என்று சொல்லிவிடலாம்.

இதைவிட நுட்பமான ஒரு சறுக்கல் உண்டு. நமக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிகிற வீடுகள் எவை? அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவை. கானாடுகாத்தானில் விடுதியாக மாறியவை, கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டப்படும் ஆத்தங்குடி அரண்மனை, சினிமாப் படப்பிடிப்புக்கும் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுப்புக்கும் வாடகைக்கு விடப்படுபவை. பூட்டிய வீட்டின் உள்முகப்பை யாரும் பார்த்ததில்லை, ஆகவே அது நம் நினைவில் இல்லை. புதிய படம் எதைப் பார்த்தாலும் மனம் அந்தப் பழகிய வீடுகளோடு போய்ப் பொருத்தும். பெண் நிற்பது உண்மையில் வேறு வீடாக இருக்க, கைகாட்டப்படுவது ஒரு விடுதி. பொருத்தம் சரியாகவே இருந்தால்கூட அவள் ஒரு நாள் தங்கிப் போன விருந்தினராக இருக்கலாம். தேடிப் போகிறவர் விடுதி ஊழியரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லித் தகராறு செய்வார். ஊரை மாற்றிச் சொல்லிவிட்டால், சம்பந்தமே இல்லாத வீட்டின் ஆச்சி வாசலில் நாலு பேர் போய் நிற்பார்கள்.

செல்ஃபியாக இருந்தால் இன்னொன்று. பல போன்களில் முன் கேமராப் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியே சேமிக்கப்படும். எழுத்து ஏதாவது இருந்தால் இடவலம் மாறித் தெரிந்து காட்டிக்கொடுக்கும். எழுத்தே இல்லாமல், இருபுறமும் ஒன்றுபோல் கட்டிய முகப்பாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அண்ணன் தம்பி பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி கட்டிக்கொண்ட வீடுகள் இங்கே சகஜம். இடவலம் மாறினால் கை பக்கத்து வீட்டைக் காட்டும்.

படத்தில் உண்மையில் காட்டிக்கொடுப்பவை வேறு. இவற்றைச் சொல்வது தேடுவதற்காக அல்ல. குழுவில் இன்னொருவர் எதை வைத்துக் கண்டுபிடித்துவிடக்கூடும் என்று நீங்கள் தெரிந்துகொள்ளவும், உங்கள் வீட்டார் படம் போடும்போது எதை மறைக்க வேண்டும் என்று பார்க்கவும்தான். முதலாவது விலாசம். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் குடும்பங்களின் முன்னெழுத்துகள் இரும்புக் கதவின் கம்பியிலும், நிலைக்கு மேலுள்ள சுதை வேலையிலும், பித்தளைப் பாத்திரங்களின் விளிம்பிலும் இருக்கும். வெளியூராருக்கு அது வெறும் மூன்று நான்கு எழுத்து. விஷயம் தெரிந்தவருக்கு அது ஒரு குடும்பம், ஒரு ஊர், ஒரு வீடு. பெண் பக்கத்தில் கிடக்கும் தூக்குச்சட்டியின் மேல் வெட்டிய எழுத்தே போதும். இரண்டாவது திருவிழா நோட்டீஸ். ஊர்ப் பெயரோடு தேதியையும் சேர்த்துச் சொல்லும். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் அழைப்பு சுவரில் ஒட்டியிருந்தால் மாதமும் தெரிந்துவிடும். சுவரிலுள்ள மாதக் காலண்டர் இவ்வளவு உறுதியானது அல்ல. கடையின் ஊரைத்தான் அது சொல்லும், அதுவும் காரைக்குடிக் கடையின் காலண்டர் சுற்றியுள்ள எல்லா ஊரிலும் தொங்கும். வாசலில் நிற்கும் வண்டியின் TN 63, TN 55 எண்களும் மாவட்டத்துக்கு மேல் எதையும் சொல்லாது. ஆனால் முழு எண்ணும் தெரிந்தால் அது வண்டிக்காரரை நோக்கிப் போகும் வழி.

இனி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. குழு நிர்வாகியைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். குழுவில் வாதாட வேண்டாம், வாதம் நீளநீளப் படம் மேலே மேலே வந்துகொண்டே இருக்கும். நிர்வாகியால் யார் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் அழிக்க முடியும். அழிக்கும் முன், ஊர் கேட்டவர் போட்ட செய்தி, அவருடைய எண், நேரம் மூன்றும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து நிர்வாகி மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தாலோ, காவல் துறை கேட்டாலோ அது ஒன்றுதான் சான்று. அழித்தாலும் உறுப்பினர்களின் போன் கேலரியில் ஏற்கெனவே இறங்கிய பிரதிகள் அப்படியே இருக்கும் என்பதால், படத்தை நீக்கிவிடும்படியும் வேறெங்கும் அனுப்ப வேண்டாம் என்றும் நிர்வாகி ஒரு வரி எழுத வேண்டும்.

கேட்டவருக்கு அனுப்பும் பதிலில் ஊர் தெரியும், ஆனால் சொல்ல மாட்டோம் என்ற தொனி வரவே கூடாது. அப்படி வந்தால் தெரிந்தவர் யார் என்று தேடி ஒவ்வொருவராகத் தனிச் செய்தியில் நெருக்குவார். பணம் தருகிறேன் என்பார், அம்மாவைப் பேசச் சொல்வார். "தனிநபர் இருக்கும் படங்களுக்கு இங்கே இடம் பார்த்துச் சொல்வதில்லை, யார் கேட்டாலும் இதுதான் விதி. தங்கச்சியைக் காணோம் என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்" என்று நிர்வாகி எழுதினால் போதும். நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டாம். தங்கச்சியை அந்த ஊரில் போய்த் தேடி எச்சரிக்கலாமா என்றும் தோன்றும். போகாதீர்கள், வீட்டுக் காவல்காரருக்குப் போனும் செய்யாதீர்கள். நீங்கள் விசாரிப்பதும் அந்த டீக்கடைக் கேள்வியைப் போலவே ஊரில் பரவும்.

நீங்கள் இதைப் படிப்பதற்குள் வேறு யாராவது ஊரைச் சொல்லியிருந்தால் நிலைமை மாறுகிறது. அப்போது மௌனமாக இருக்கக் கூடாது. கேட்டவர் கோபமாகப் பேசியிருந்தால், "இன்னைக்கே கிளம்புறோம்" என்பதுபோல எழுதியிருந்தால், அவசர உதவி எண்ணான 112க்கு அழைத்து, இன்ன ஊரில் ஒரு பெண்ணின் இருப்பிடம் அவள் சம்மதமில்லாமல் வெளியாகிவிட்டது, தேடிப் போகிறார்கள் என்று சொல்லுங்கள், நிர்வாகியிடம் ஸ்கிரீன்ஷாட் இருப்பதையும் சொல்லுங்கள். பெண்களுக்கான 181 உதவி எண்ணிலும் சொல்லலாம். சொன்ன உறுப்பினர் "தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று மாற்றிச் சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார். அது இன்னொரு ஊரின் இன்னொரு வீட்டை மாட்டிவிடும் வேலை. வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள்.

உண்மையாகவே கவலைப்படும் அண்ணனுக்கு இதில் கதவு மூடவில்லை. காணாமல் போனவர் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை. காவலர்கள் அவளைக் கண்டுபிடித்தால் முதலில் அவளிடம் பேசுவார்கள். 18 வயது நிறைந்தவளாக, விருப்பத்தோடுதான் வந்தேன் என்று அவள் சொன்னால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, உயிரோடும் நலமோடும் இருக்கிறாள் என்பதை மட்டும் குடும்பத்துக்குச் சொல்லலாம், முகவரியைக் கொடுக்கத் தேவையில்லை. யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். நீதிபதி அவளையே நேரில் கேட்பார். இந்த வழிகளிலெல்லாம் நடுவில் ஒருவர் நின்று அவளுடைய விருப்பத்தைக் கேட்கிறார். வாட்ஸ்ஆப் குழுவில் அப்படிக் கேட்க ஆளில்லை, அதனால்தான் அங்கே பதில் சொல்லக் கூடாது. காவல் நிலையம் வேண்டாம் என்று அவர் பிடிவாதமாக மறுத்தால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நியாயமான காரணங்களும் இருக்கலாம், ஆனால் நீங்கள் ஊரைச் சொல்வதற்கு அது இன்னொரு காரணம் ஆகாது.

விதிவிலக்கு போலத் தோன்றுபவை இரண்டு. படத்தில் இருப்பது 18 வயது நிறையாத பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தற்கொலை எண்ணம் தெரியும் செய்தியோடு வந்த படம் என்றால் 112. இவற்றில் உங்களுக்கு இடம் உறுதியாகத் தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ஆனால் அந்த எண்களில் பேசும் அதிகாரியிடம் சொல்லுங்கள், குழுவில் அல்ல. "தரைக்கல்லை வைத்துச் சொல்கிறேன், உறுதியில்லை" என்றால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள். அரைகுறையை உறுதியாகச் சொன்னால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஆண் ஒருவர் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும், இணையத்தில் அவள் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்கீழ் குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரை, மறுமுறை 5 ஆண்டு வரை சிறை. தெரிந்தே இடம் சொல்லி உதவியவரை உடந்தையா என்று கேட்கும் நிலை வரலாம்.

உங்கள் குழு நல்ல வேலை செய்யும் குழு, அதை மூடச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் பாட்டனாரின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்து, பூர்வீக வீடு எந்த ஊரில் இருந்தது என்று கேட்டால் உதவத்தான் வேண்டும். அங்கேயும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வீட்டில் இன்று ஆள் இருக்கிறார்களா, பூட்டிக் கிடக்கிறதா என்பதைப் பொதுவில் எழுதாதீர்கள். தேக்குக் கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் பித்தளையும் நிறைந்த பூட்டிய வீடு எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் என்பதைத் திருடருக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்ததாகிவிடும். உறவினர் கூட்டமாகப் படைப்புக்கு வந்து எடுத்துக்கொண்ட படத்தை மறுநாளே ஊர்ப் பெயரோடு போடுவதும் அப்படித்தான். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், வீடு காலி என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். ஊர்ப் பெயரில்லாமல் போடுங்கள். கேட்டவர் குடும்பத்தார்தான் என்று தெரிந்த பிறகு ஊரையும் தெருவையும் தனியாகச் சொல்லலாம்.

அப்படி உதவும்போதும் படத்தில் முகம் இருந்தால் முதலில் வெட்டிவிடுங்கள். கூகுள் லென்ஸிலோ யாண்டெக்ஸிலோ தேட ஏற்றும்போது கட்டடத் துண்டை மட்டும் ஏற்றுங்கள். முகத்தோடு ஏற்றினால் வீட்டுக்குப் பதில் அந்த ஆளின் வேறு படங்கள் வந்து நிற்கலாம், நீங்கள் தேடாத ஒன்றைத் தேடியவராகிவிடுவீர்கள். நீங்களே எடுத்த படத்தை அனுப்பும்போது கோப்புக்குள் இருக்கும் இடக் குறிப்பைப் பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று "டாகுமென்ட்" ஆக அனுப்பினாலோ மின்னஞ்சலில் இணைத்தாலோ அப்படியே போகும். கட்டடப் படங்களைச் சேகரிப்பவர்கள் தரத்துக்காக டாகுமென்ட்டாகத்தான் அனுப்புகிறார்கள், ஆகவே இது உங்கள் குழுவுக்கு முக்கியம். கணினியில் exiftool என்ற நிரல் இருந்தால் முதல் வரி இடக் குறிப்பைக் காட்டும், இரண்டாவது வரி எல்லாக் குறிப்பையும் நீக்கிப் படம் நிற்க வேண்டிய திசையை மட்டும் விட்டுவைக்கும்:

```
exiftool -gps:all padam.jpg
exiftool -all= -tagsfromfile @ -orientation padam.jpg
```

திசைக் குறிப்பையும் சேர்த்து நீக்கினால் நெடுக்காக எடுத்த படம் படுத்துவிடும், அதற்காகத்தான் அந்தக் கடைசிப் பகுதி. பழைய கோப்பு padam.jpg_original என்ற பெயரில் அதே இடத்தில் இருக்கும். தவறிப்போய் அதை அனுப்பிவிடாதீர்கள்.

குழுவின் விளக்கப் பகுதியில் இரண்டு விதிகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆள் முகம் தெரியும் படத்துக்கு இடம் சொல்வதில்லை. ஆள் வசிக்கும் வீட்டின் இடத்தை அந்த வீட்டார் சம்மதமின்றிப் பொதுவில் எழுதுவதில்லை. விதி முன்பே எழுதியிருந்தால், அழுதுகொண்டு வருபவரிடம் "உங்களை நம்பவில்லை" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. பாவமா என்று கேட்டீர்களே, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது கடினம் என்பதால்தான் அந்தக் கேள்வி எழுகிறது. படத்தில் நிற்கும் பெண்ணோ உங்களிடம் எதையும் கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாள். அவள் சார்பில் பேச அந்த விதி மட்டுமே அங்கே இருக்கும்.

உங்கள் போனிலும் அந்தப் படத்தை விட்டுவைக்காதீர்கள். வாட்ஸ்ஆப்பில் அழித்தது போதாது. கேலரியில் பாருங்கள், கூகுள் போட்டோஸ் பேக்கப் ஆகியிருந்தால் அங்கேயும் அழியுங்கள். அங்கே அழித்தது 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதையும் காலி செய்துவிடுங்கள்.